திண்டிவனத்துக்கு மேலே ஒரு ஹோல்டிங்: எந்தப் பக்கம் திரும்புவது?

கேள்வி: என் மகன் விமானி பயிற்சியில் இருக்கிறான். மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் விமானங்கள் ஒரே இடத்தில் சுற்றுவதை மொபைல் செயலியில் பார்த்திருக்கிறோம். வட்டமாகச் சுற்றாமல் நீள்வட்டமாகச் சுற்றுவது ஏன்? 2024-ல் ஃபெஞ்சல் புயல் அடித்தபோதும் இப்படித்தான் சுற்றிக் காத்திருந்தார்களா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: விளையாட்டு மைதானத்தில் 400 மீட்டர் ஓடும் தடம்தான் அந்த வடிவம். இரண்டு நேர்க்கோடுகளை இரண்டு அரைவட்டங்கள் இணைக்கின்றன. முழு வட்டமாகச் சுற்றினால் காற்று தள்ளிக்கொண்டே போகும். எவ்வளவு தள்ளியது என்று விமானிக்குத் தெரியாது. நேர்க்கோடு இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பாதையைப் பிடித்து ஒரே புள்ளிக்கு வந்து, விலகலைச் சரிசெய்துகொள்ளலாம். அந்தப் புள்ளிதான் ஃபிக்ஸ். அதை நோக்கி வரும் கோடு இன்பவுண்ட், அதற்கு எதிர்த்திசையில் போகும் கோடு அவுட்பவுண்ட். வேறெதுவும் சொல்லாவிட்டால் வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும். 14,000 அடி வரை நேர்க்கோட்டுக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். ஒரே ஃபிக்ஸுக்கு மேல் ஆயிரம் அடி இடைவெளியில் பல விமானங்களை அடுக்கலாம். கீழே இருப்பவர் இறங்கப் போனதும் மற்றவர்கள் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள்.

புயலைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னை விமான நிலையம் அன்று மதியம் முதல் மறுநாள் அதிகாலை வரை மூடியிருந்தது. அவ்வளவு நேரத்துக்கு யாரும் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அல்லது புறப்படவே மாட்டார்கள். கால் மணி, அரை மணியில் தீரும் தாமதத்துக்குத்தான் ஹோல்டிங். ஓடுபாதை மேல் நிற்கும் ஓர் இடிமேகம் நகர்ந்துவிடும் என்று தெரிந்தால் காத்திருக்கலாம். புயலின் கண் கரையேறும்வரை காத்திருக்க முடியாது.

கேள்வி: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குப் படிக்கிறேன். ஹோல்டிங்குக்குள் நுழையும் மூன்று முறைகளும் படத்தில் புரிகின்றன. சிமுலேட்டரில் உட்கார்ந்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தே விளக்க முடியுமா?
— பயிற்சி மாணவி, திண்டிவனம்

பதில்: தாராளமாக. உங்கள் ஊர் இதற்கு வசதியான இடத்தில் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், சென்னை விமான நிலையம் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் வருகின்றன. சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 55 கடல் மைல், திசை ஏறத்தாழ 215. இப்போது காகிதத்தில் ஒரு பயிற்சி ஹோல்டிங் போடுவோம். இது எந்த வரைபடத்திலும் இல்லாதது, நமக்காகவே போடுவது. ஃபிக்ஸ் திண்டிவனம். கட்டுப்பாட்டாளர் சொல்வது: "ரேடியல் 215-ல், திண்டிவனத்துக்குத் தென்மேற்கே, வலத் திருப்பத்தில், 7,000 அடியில் காத்திருக்கவும்."

இதில் "தென்மேற்கே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பாதித் தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. ஹோல்டிங் ஃபிக்ஸுக்குத் தென்மேற்கே, விழுப்புரம் பக்கம் கிடக்கிறது. ஆகவே அங்கிருந்து ஃபிக்ஸை நோக்கி வரும் இன்பவுண்ட் 035, அவுட்பவுண்ட் 215. "வடகிழக்கே" என்று சொல்லியிருந்தால் அதே ரேடியலில் இன்பவுண்ட் 215 ஆகிவிடும், படம் முழுக்கத் தலைகீழ். 035-ல் பறக்கும்போது வலப்பக்கம் என்பது மரக்காணம், புதுச்சேரி இருக்கும் கடற்கரைப் பக்கம். உங்கள் தடம் முழுவதும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். செஞ்சிப் பக்கம் நமக்குரியது அல்ல.

இனி நுழைவு. படத்தை மனதில் சுழற்ற வேண்டாம். ஃபிக்ஸை நெருங்கும்போது ஹெடிங் காட்டும் கருவியைப் பாருங்கள். அதன் உச்சியில் இப்போதைய ஹெடிங் இருக்கும். 215 என்ற அவுட்பவுண்ட் எண் அந்த உச்சியிலிருந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். வலப்பக்கம் 70 டிகிரிக்குள் இருந்தால் டியர்டிராப். இடப்பக்கம் 110 டிகிரிக்குள் இருந்தால் பேரலல். மீதிப் பாதி முழுவதும் டைரக்ட். இடத் திருப்ப ஹோல்டிங் என்றால் இடமும் வலமும் மாறிக்கொள்ளும். தீர்மானிப்பது ஹெடிங்கை வைத்துத்தான், தரையில் விழும் பாதையை வைத்து அல்ல. எல்லைக்கோட்டுக்கு ஐந்து டிகிரி இப்படியோ அப்படியோ இருந்தால் இரண்டு முறையில் எதுவும் சரியே.

விழுப்புரத்திலிருந்து 030-ல் வருகிறீர்கள். 215 கிட்டத்தட்ட உங்கள் வாலுக்குப் பின்னால் இருக்கிறது. டைரக்ட்: ஃபிக்ஸைக் கடந்ததும் வலப்பக்கம் திரும்பி 215-ல் நில்லுங்கள், அவ்வளவுதான். செஞ்சியிலிருந்து 095-ல் வந்தாலும் இதேதான்.

வந்தவாசியிலிருந்து 170-ல் வருகிறீர்கள். 215 உங்களுக்கு வலப்பக்கம் 45 டிகிரியில் இருக்கிறது, எனவே டியர்டிராப். ஃபிக்ஸைக் கடந்ததும் 215-லிருந்து 30 கழித்து 185-க்குத் திரும்புங்கள். கடற்கரைப் பக்கமாகச் சாய்ந்து ஒரு நிமிடம் போய், வலப்பக்கம் திரும்பி 035-ஐப் பிடியுங்கள்.

மரக்காணத்திலிருந்து 275-ல் வருவது கடினமான நுழைவு. 215 இடப்பக்கம் 60 டிகிரியில் இருப்பதால் பேரலல். ஃபிக்ஸைக் கடந்து இடப்பக்கம் 215-க்குத் திரும்பி, இன்பவுண்ட் கோட்டுக்கு இணையாக, செஞ்சி இருக்கும் பக்கத்தில் ஒரு நிமிடம் போக வேண்டும். பிறகு மறுபடியும் இடப்பக்கமே திரும்பிக் கோட்டைக் குறுக்காகக் கடந்து, கடற்கரைப் பக்கத்துக்கு வந்து, ஏறத்தாழ 350-ல் நின்று 035-ஐ வெட்டிப் பிடிக்க வேண்டும். வலத் திருப்ப ஹோல்டிங் என்ற நினைப்பிலேயே இருக்கும் மாணவர்கள் இந்த இரண்டாவது திருப்பத்தில் வலப்பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அது பாதுகாக்கப்பட்ட வெளியைவிட்டு இன்னும் விலகிப் போகும் திருப்பம். மலைப்பாங்கான ஊராக இருந்தால் அது உயிராபத்து.

தவறிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? விஓஆர் கருவியில் 035 வைத்திருங்கள். செஞ்சிப் பக்கத்தில் இருக்கும்வரை ஊசி வலப்பக்கம் நிற்கும். கோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கம் வந்ததும் இடப்பக்கம் போய்விடும். திருப்பம் முடிந்தும் ஊசி வலப்பக்கமே நின்றால் நீங்கள் திரும்பியது தவறான பக்கம்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 120 நாட் வேகத்தில், நொடிக்கு மூன்று டிகிரி வீதம் திரும்பினால் உங்கள் தடத்தின் அகலம் ஒன்றேகால் கடல் மைல்தான். 55 மைல் தள்ளியிருக்கும் விஓஆருக்கு அது ஒன்றேகால் டிகிரி சொச்சம். முழு வீச்சில் பத்து டிகிரி காட்டும் ஊசி அதற்கு அரைப் புள்ளிக்குச் சற்று மேல்தான் அசையும், பதற்றத்தில் கண்ணுக்கே படாது. எனவே இவ்வளவு தொலைவில் ஹோல்டிங் பிடிக்க ஜிபிஎஸ்தான் துணை. விஓஆரை மட்டும் நம்பிப் பயிற்சி எடுப்பதானால் நிலையத்துக்கு மேலேயோ மிக அருகிலோ எடுங்கள்.

நீங்கள் தனியாகக் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து 330-ல் வந்தால் 215 இடப்பக்கம் 115 டிகிரியில் விழும். எல்லைக்கு ஐந்து டிகிரிதான் தூரம். டைரக்ட், பேரலல் இரண்டும் செல்லும். தேர்வாளர்கள் இப்படிப்பட்ட ஹெடிங்கைக் கொடுத்துப் பார்ப்பது உண்டு. ஃபிக்ஸுக்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்து அதையே முடியுங்கள். பாதியில் மாற்றுவதுதான் தவறு.

கேள்வி: அவுட்பவுண்டில் சரியாக ஒரு நிமிடம் போகிறேன். ஆனாலும் இன்பவுண்ட் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரம் எடுக்கிறது. எங்கே பிசகுகிறது?
— பயிற்சி மாணவர், விழுப்புரம்

பதில்: கை பிசகவில்லை, காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் திண்டிவனம் ஹோல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காற்று 20 நாட், நேராக 035-லிருந்து வீசுகிறது. உங்கள் வேகம் 120 நாட். அவுட்பவுண்டில் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தரைவேகம் 140. இன்பவுண்டில் எதிர்த்து அடிப்பதால் 100. இரண்டு திருப்பங்களும் ஒவ்வொரு நிமிடம் எடுக்கும். அந்த நேரத்திலும் காற்று உங்களை விழுப்புரம் பக்கம் மூன்றில் ஒரு மைல் வீதம் தள்ளுகிறது. அவுட்பவுண்டில் இறக்கை சமமானதிலிருந்து 60 நொடி போனால், ஃபிக்ஸிலிருந்து மூன்று மைல் தள்ளி வெளியேறுவீர்கள். 100 நாட்டில் அதைக் கடக்க 1 நிமிடம் 48 நொடி ஆகும். இன்பவுண்ட் ஒரு நிமிடமாக வர வேண்டுமானால், அவுட்பவுண்டில் நேராகப் போவது 26 நொடிதான். இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், காற்றின் பலம் புரிந்துவிடும்.

பறக்கும்போது இவ்வளவு கணக்கு வேண்டாம். முதல் சுற்றை ஒரு நிமிடத்தில் போங்கள். இன்பவுண்ட் எத்தனை நொடி எடுத்தது என்று பார்த்து, அடுத்த சுற்றில் அவுட்பவுண்டைக் குறையுங்கள் அல்லது கூட்டுங்கள். ஃபிக்ஸுக்கு நேர்ப் பக்கவாட்டில் வரும் கணத்தில்தான் அவுட்பவுண்ட் கடிகாரத்தை ஓடவிட வேண்டும்; அந்தக் கணம் தெரியாவிட்டால் இறக்கை சமமானதும்.

பக்கக் காற்று இன்னொரு சங்கதி. ஆடி மாதத்து மேல்காற்று 270-லிருந்து 20 நாட் என்றால், இன்பவுண்டில் அது இடப்பின்பக்கத்திலிருந்து வரும். பாதையில் நிற்க எட்டு டிகிரி இடப்பக்கம் திருத்தி 027-ல் பறப்பீர்கள். அவுட்பவுண்டிலும் எட்டே போதும் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. திருப்பங்களில் திருத்தம் செய்ய வழியில்லை. அங்கே தள்ளப்பட்டதையும் சேர்த்து அவுட்பவுண்டிலேயே ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் மும்மடங்கு, 24 டிகிரி: 215-க்குப் பதில் 239. இதைச் செய்யாவிட்டால் கடைசித் திருப்பம் முடிந்து 035-க்கு வந்து பார்க்கையில் கோடு செஞ்சிப் பக்கம் தள்ளிக் கிடக்கும்; ஃபிக்ஸுக்கு முன் அதைப் பிடிக்க நேரம் இருக்காது.

கேள்வி: ஹோல்டிங்கில் நிற்கச் சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால்?
— பயிற்சி மாணவி, திண்டிவனம்

பதில்: உடனே கேளுங்கள். அந்த நேரம் இல்லாத அனுமதி முழுமையான அனுமதி ஆகாது. ரேடியோ செத்துப்போனால் அந்த நேரத்தை வைத்துத்தான் நீங்கள் இறங்கத் தொடங்குவீர்கள். எரிபொருள் கணக்கும் அதை வைத்துத்தான். 1990 ஜனவரி 25 அன்று அவியான்கா 52 என்ற விமானம் நியூயார்க்குக்கு வரும் வழியில் மூன்று ஹோல்டிங்குகளில் மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அவசரநிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. இன்று அதற்கென்றே இரண்டு அறிவிப்புகள் உள்ளன: இனி தாமதித்தால் கடைசிக் கையிருப்பில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றால் "மினிமம் ஃபியூயல்", கைவைத்தே தீர வேண்டும் என்றால் "மேடே, மேடே, மேடே, ஃபியூயல்". பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் அந்தக் கையிருப்பு 45 நிமிடம், டர்பைனில் 30. ஹோல்டிங்கில் நுழைந்ததும், எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும் என்பதை முழங்கால் அட்டையில் எழுதிவிடுங்கள்.