கொள்வனவுப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்

பொல்பிட்டியவில் ஹாட்வெயார் கடை நடத்தும் ஒரு சகோதரர், பெருந்தோட்டக் கம்பனி ஒன்றில் வழங்குநராகப் பதிவு செய்து கொள்ளத் தாம் அனுப்பிய மின்னஞ்சலை எனக்கும் அனுப்பியிருந்தார். மூன்று வாரங்களாகியும் பதில் இல்லையாம். "நமக்குத் தெரிந்தவர்கள் உள்ளே இல்லை, அதனால்தான் பதில் வரவில்லை" என்பது அவரது முடிவு. மின்னஞ்சலைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே நிலையில் உள்ள வேறு வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதனையே இவ்வாரப் பாடமாக எடுத்துக் கொள்கிறேன்.

முதலில், தோட்டங்கள் யாரிடம் வாங்குகின்றன என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். 1992 ஆம் ஆண்டு அரசாங்கத் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவசரத்துக்குத் தேவைப்படும் ஆணியும் பூட்டும் இன்றும் பக்கத்துக் கடையில் வாங்கப்படலாம். ஆனால் மாதாமாதம் தேவைப்படும் குழாய், பெயின்ற், மழைக்கோட்டு, பூட்ஸ் போன்றவற்றைப் பெரிய கம்பனிகள் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தின் கொள்வனவுப் பிரிவின் மூலமே வாங்குகின்றன. தோட்டத்துரை உங்களை நன்றாக அறிந்திருக்கலாம். ஆயினும் பதிவுப் பட்டியலில் உங்கள் கடை இல்லாவிட்டால் அவரால் பெரிய ஓடர் தர முடியாது.

அனுப்பியதும் அதன் குறையும்

சகோதரரின் மின்னஞ்சலில் இரண்டே வரிகள் இருந்தன. "எல்லாவிதமான பொருட்களையும் குறைந்த விலையில் வழங்குவோம். தயவுசெய்து எம்மைப் பதிவு செய்யவும்." அத்துடன் கைத்தொலைபேசியில் எடுத்த பதினொரு படங்கள். விடயம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

இதனைத் திறக்கும் உத்தியோகத்தர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒவ்வொரு வழங்குநரையும் ஒரு பொருள் வகைக்குக் கீழே பதிய வேண்டும். "எல்லாப் பொருட்களும்" என்று ஒரு வகை அவரிடம் கிடையாது. விலை பற்றிய வாக்குறுதியும் அவருக்குத் தேவையில்லை, ஏனெனில் விலை கேட்பது பதிவுக்குப் பின்னர் நடக்கும் வேலை. படங்களுக்கோ பெயர் இல்லை. எது பதிவுச் சான்றிதழ், எது வங்கிப் புத்தகம் என்று அறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அந்த மின்னஞ்சல் நிராகரிக்கப்படவில்லை. பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

பெயர் பொருந்துகிறதா?

மின்னஞ்சலைத் திருத்துவதற்கு முன் ஆவணங்களைத் திருத்த வேண்டியிருந்தது. கடைப் பலகையில் பெயருக்குப் பின்னால் "ஹாட்வெயார்" என்று இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெற்ற வணிகப் பெயர்ப் பதிவில் "ட்ரேடர்ஸ்" என்று இருக்கிறது. வங்கிக் கணக்கு அவருடைய சொந்தப் பெயரில். பட்டியல் புத்தகத்தில் பலகையின் பெயர். ஊரில் இவை எல்லாம் ஒரே ஆள் என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் கொழும்பில் இருக்கும் கணக்குப் பிரிவுக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். ஒருவர் தந்த பட்டியலுக்கு இன்னொருவரின் கணக்கில் பணம் போட எந்தக் கணக்காளரும் துணிய மாட்டார். பதிவு எப்படியோ கிடைத்து விட்டாலும், முதலாவது கொடுப்பனவில் வந்து சிக்கிக் கொள்ளும்.

ஆகவே பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரையே அச்சொட்டாகப் பட்டியல் புத்தகத்திலும் அச்சிட்டு, அதே பெயரில் நடைமுறைக் கணக்கு ஒன்றைத் திறந்து, வங்கியிடம் உறுதிக் கடிதம் ஒன்றும் பெறும்படி சொன்னேன். கடை தனியாள் வியாபாரமாக இல்லாமல் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனியாக இருந்தால், பதிவுச் சான்றிதழுடன் இன்றைய பணிப்பாளர்கள் யார் என்பதைக் காட்டும் படிவமும் தேவைப்படும்.

வரி விடயத்திலும் தெளிவு வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் ஒன்பது இலக்க வரி இலக்கம் வேறு, பெறுமதி சேர் வரிக்கான பதிவு வேறு. பின்னையது அதே ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் -7000 என்று முடியும். வற் பதிவு இல்லாதவர் பட்டியலில் வற் சேர்த்து அறவிட முடியாது. பதிவு இல்லாவிட்டால் அதனை மறைக்காமல் ஒரு வரியில் எழுதி விடுங்கள். எழுதாவிட்டால் ஆவணம் விடுபட்டுப் போயிற்று என்று எண்ணிக் கோவையை ஓரமாக வைத்து விடுவார்கள்.

திருத்திய மின்னஞ்சல்

ஆவணங்கள் ஒழுங்கான பின்னர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதன் சாரம் இது:

"விடயம்: வழங்குநர் பதிவு விண்ணப்பம் - குழாய்ப் பொருட்கள், பாதுகாப்பு உடைகள், பெயின்ற் - பொல்பிட்டிய.

கொள்வனவு முகாமையாளர் அவர்களுக்கு,

மேற்குறிப்பிட்ட மூன்று வகைகளிலும் எமது நிறுவனத்தை வழங்குநராகப் பதிவு செய்யுமாறு விண்ணப்பிக்கிறோம். எமது கடையும் களஞ்சியமும் பொல்பிட்டியவில் உள்ளன. சொந்த லொறி உண்டு. கினிகத்தேனை, நோர்ட்டன் பிறிஜ், ஹற்றன் பகுதித் தோட்டங்களின் களஞ்சியத்துக்கே கொண்டு வந்து தருவோம். கையிருப்பில் உள்ள பொருட்களை ஓடர் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள்ளும், கொழும்பிலிருந்து எடுக்க வேண்டியவற்றை ஏழு வேலை நாட்களுக்குள்ளும் வழங்க முடியும்.

நாம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யப்பட்டவர்கள் அல்லர். பொருள் ஏற்கப்பட்ட திகதியிலிருந்து 30 நாள் கடனை எதிர்பார்க்கிறோம். ஐந்து ஆவணங்கள் கீழுள்ள வரிசைப்படி இணைக்கப்பட்டுள்ளன. உங்களிடம் தனியான பதிவுப் படிவம் இருப்பின் அனுப்பி வையுங்கள், பூர்த்தி செய்து தருகிறோம்."

அதன் கீழே உரிமையாளரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கம், பதிவுச் சான்றிதழில் உள்ள முகவரி. இணைப்புகளுக்கு இப்படிப் பெயரிட்டோம்:

```
1_Business_Registration.pdf
2_TIN_Certificate.pdf
3_Bank_Letter.pdf
4_Owner_NIC.pdf
5_Product_List.pdf
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று வகைகளை மட்டும் சொன்னது, அவற்றில்தான் அவரிடம் உண்மையான கையிருப்பு இருப்பதால். ஊரைக் குறிப்பாகச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பொல்பிட்டிய என்றதும் கொழும்பில் உள்ளவருக்கு 1969 இல் இயங்கத் தொடங்கிய மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். எந்தத் தோட்டத்துக்கு அது கிட்ட என்பது தெரியாது. உண்மையில் கொழும்பு வியாபாரியை விட நமது சகோதரருக்கு உள்ள ஒரே பலம் இந்தக் கிட்டம்தான். அதனை முதலாவது பந்தியிலேயே சொல்லி விட வேண்டும். நாட்களை "வேலை நாட்கள்" என்று எழுதியதும் கவனத்துடன்தான். தென்மேல் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் அந்தப் பாதைகள் தடைப்படுவதுண்டு. நிறைவேற்ற முடியாத ஒரு நாள் வாக்குறுதியை எழுத்தில் கொடுத்து விட்டால் அதுவே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகி விடும்.

கணக்கு இலக்கத்தை மின்னஞ்சலின் உள்ளே எழுதவில்லை. அது வங்கிக் கடிதத்தில் மட்டும் இருக்கிறது. இணைப்புகளின் மொத்த அளவையும் பாருங்கள். கைத்தொலைபேசிப் படம் ஒன்றே மூன்று, நான்கு எம்.பி. வரும். மின்னஞ்சலில் போகும்போது இணைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் பெருக்கும். சில கம்பனிகளின் அஞ்சல் பெட்டி பெரியவற்றை ஏற்காமல் திருப்பி விடும். பக்கத்திலுள்ள கொமியுனிகேஷனில் ஸ்கேன் செய்தால் ஐந்து ஆவணங்களும் இரண்டு எம்.பி.க்குள் அடங்கும்.

கடன் நாள் என்ற வரி

பலரும் எழுதத் தயங்குவது கடன் பற்றிய வரியைத்தான். ஆனால் கடை நிலைப்பதும் மூழ்குவதும் அதில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 4 இலட்சம் ரூபாவுக்குப் பொருள் கொடுக்கிறீர்கள், பணம் வர 60 நாள் ஆகிறது என்றால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா வெளியில் நிற்கும். புறக்கோட்டை மொத்த வியாபாரி உங்களுக்கு 30 நாள் தவணை தந்தால், அதில் 4 இலட்சத்தை அவர் தாங்குவார், மீதி 4 இலட்சம் உங்கள் கைமுதல். அதே கொடுப்பனவு 90 நாளாக இழுபட்டால் வெளியில் நிற்பது 12 இலட்சம், உங்கள் பங்கு 8 இலட்சம். விற்பனை ஒரு ரூபாவும் கூடவில்லை, கைமுதல் மட்டும் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. வட்டிக்கு ஓவர்டிராப்ட் எடுக்காத நம்மவர்களுக்கு அந்தப் பணம் கடையின் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

நாள் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதும் முக்கியம். பொருளை இறக்கிய நாள், தோட்டக் களஞ்சியத்தில் ஏற்றுக் கொண்டதாக ஜீ.ஆர்.என். எழுதிய நாள், பட்டியல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறு. இடையில் இரண்டு வாரம் போய்விடலாம். ஆகவே லொறி திரும்பும் போதே ஜீ.ஆர்.என். பிரதியைக் கையொப்பத்துடன் வாங்கி வர வேண்டும். கம்பனி 30 நாளுக்கு உடன்படாமல் 60 என்று சொல்லலாம். அப்போது, எவ்வளவு பெறுமதிக்கு மேல் கடனில் கொடுக்க மாட்டோம் என்ற எல்லையை நீங்களே உங்கள் கொப்பியில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அனுப்பிய பின்

பத்து வேலை நாட்கள் பொறுத்து, புதிய மின்னஞ்சல் எழுதாமல், அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரி எழுதி நினைவூட்டுங்கள். ஆவணங்களைத் தேட வேண்டிய வேலை அவர்களுக்கு இராது. பதிவுக் கட்டணம் என்று யாராவது தனியாள் கணக்குக்குப் பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம். அரச நிறுவனங்கள் வழங்குநர் பதிவுக்குக் கட்டணம் அறவிடுவதுண்டு, ஆனால் அதனைப் பத்திரிகை விளம்பரத்தில் அறிவித்துப் பற்றுச்சீட்டும் தருவார்கள். சந்தேகம் இருந்தால் கம்பனியின் பொது இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

திருத்திய மின்னஞ்சலுக்கு இரண்டாம் வாரத்தில் பதில் வந்தது. பதிவுப் படிவத்தையும், பொருட் பட்டியலில் மழைக்கோட்டின் வர்க்கம் என்ன என்ற கேள்வியையும் அனுப்பியிருந்தார்கள். அது ஓடர் அல்ல. பதிவு என்பது விலை கேட்கும்போது உங்களிடமும் கேட்பார்கள் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் மழைக்கோட்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால், யாரோ பட்டியலைக் கடைசி வரை படித்திருக்கிறார்கள். சகோதரர் இப்போது இரண்டு மாதிரிகளுக்கும் விலை போட்டு வைத்திருக்கிறார்.