நேற்றைய வால்யூம் சொல்வதும் சொல்லாததும்: நிஃப்டி பழகும் தம்பி தங்கைகளுக்கு ஏழு அறிவுரைகள்

நிஃப்டியில் அன்றாட வணிகம் பழக வருகிறவர்கள் வால்யூம் புரொஃபைலைப் போட்டதும் திரையில் மூன்று கோடுகளைப் பார்க்கிறார்கள்: POC, VAH, VAL. மேல் கோட்டில் விற்பது, கீழ்க் கோட்டில் வாங்குவது என்று உடனே தொடங்கிவிடுகிறார்கள். கையிலிருக்கும் பணம் கரைவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். அந்தக் கோடுகள் எப்படிப் பிறக்கின்றன, எப்போது பேசுகின்றன, எப்போது பேசாமல் இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. புரொஃபைலை நிஃப்டி ஃபியூச்சர்ஸில் போடுங்கள்.

நிஃப்டி என்பது ஐம்பது பங்குகளின் விலையிலிருந்து கணக்கிடப்படும் எண். அந்த எண்ணை யாரும் நேரடியாக வாங்கி விற்பதில்லை. அதனால் அதற்கென்று சொந்த வால்யூம் கிடையாது. நடப்பு மாத ஃபியூச்சர்ஸில் எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்ற உண்மையான கணக்கு இருக்கிறது. எக்ஸ்பைரி நெருங்கும்போது அந்த வால்யூம் அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு நகரும். இரண்டு ஒப்பந்தங்களின் விலையும் ஒன்றல்ல. பழைய ஒப்பந்தத்தின் கோடுகளைப் புதியதில் அப்படியே இழுத்தால், எல்லாம் இடம் தவறியே நிற்கும்.

2. நியாய விலை என்றால் அந்த நாளின் ஒப்புதல் என்று மட்டும் கொள்ளுங்கள்.

சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் தளத்தில் வணிகம் செய்த பீட்டர் ஸ்டெயிடில்மேயர் 1980களில் மார்க்கெட் புரொஃபைலை வெளியே கொண்டுவந்தார். ஒவ்வொரு விலையிலும் சந்தை எத்தனை அரைமணிகள் தங்கியது என்று அவர் எண்ணினார். வால்யூம் புரொஃபைல் நேரத்துக்குப் பதிலாகக் கைமாறிய அளவை எண்ணுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வாங்குபவரும் விற்பவரும் எந்த விலையில் தயங்காமல் ஒத்துப்போனார்களோ, அங்கே வணிகம் குவியும். அந்தக் குவியல் நிறுவனங்களின் உள்மதிப்பைச் சொல்லாது, நாளைய திசையையும் சொல்லாது. நேற்று இருதரப்புக்கும் எது ஏற்புடையதாக இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

3. வேல்யூ ஏரியாவை ஒருமுறையாவது கையால் கணக்கிடுங்கள்.

ஒரு நாளின் மொத்த வால்யூமை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். விலையை 20 புள்ளிக்கு ஒரு வரிசையாகப் பிரிக்கிறோம். 24,500 வரிசையில் 20 பங்கு கைமாறியது. அதுதான் அதிகம், எனவே POC. அதற்கு மேலே உள்ள இரண்டு வரிசைகளில் 13, 8, கூட்டினால் 21. கீழே உள்ள இரண்டில் 17, 12, கூட்டினால் 29. பெரியது கீழ்ப்பக்கம், அதைச் சேர்த்தால் 49. இப்போது மேலே காத்திருக்கும் 21ஐக் கீழே அடுத்த இரண்டு வரிசைகளோடு ஒப்பிடுங்கள். அங்கே 9, 8, மொத்தம் 17தான். எனவே மேல்பக்கத்தைச் சேர்க்கிறோம், 70 ஆகிவிட்டது. வழக்கமான எல்லை 70 சதவீதம், அதோடு நிறுத்துகிறோம். வேல்யூ ஏரியா 24,460 முதல் 24,540 வரை.

இந்த 70 ஒரு மரபு, அவ்வளவே. வரிசையின் அகலத்தை மாற்றினாலும் கோடு நகரும். பல மென்பொருள்கள் ஒவ்வொரு வணிகத்தையும் எண்ணாமல், ஒரு நிமிட மெழுகுவர்த்தியின் வால்யூமை அதன் உயரம் முழுவதும் பரப்பிவிடுகின்றன. அதனால்தான் ஒரே நாளுக்கு இரண்டு திரைகளில் இரண்டு VAH வருகிறது. கோட்டை ஒரு பட்டையாகப் பாருங்கள். ஒற்றைப் புள்ளிக்காகச் சண்டையிடாதீர்கள்.

4. கோட்டைத் தொட்டதும் பாயாமல், சந்தை உள்ளே தங்குகிறதா என்று பாருங்கள்.

ரொட்டேஷன் என்பது விலை வேல்யூ ஏரியாவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போவது. இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. நேற்றைய வேல்யூ ஏரியாவுக்கு வெளியே சந்தை திறந்து, பிறகு உள்ளே நுழைந்து, தொடர்ச்சியாக இரண்டு அரைமணிகளின் முடிவிலும் உள்ளேயே தங்கியிருந்தால், மறு விளிம்பு வரை போக வாய்ப்பு அதிகம். இதை எண்பது சதவீத விதி என்பார்கள். அந்த எண்பதை உறுதியான புள்ளிவிவரமாக நம்பிவிடாதீர்கள். விதியின் உயிர் ‘தங்குதல்’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. வெளியே போன விலைக்கு ஆள் கிடைக்கவில்லை, பழைய ஒப்புதலுக்கே திரும்பிவிட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.

5. நுழையும் முன் மிச்சமிருக்கும் தூரத்தை அளவெடுங்கள்.

மேலே கணக்கிட்ட நாளுக்கு மறுநாள் 24,420இல் திறக்கிறது என்று வையுங்கள். முதல் அரைமணிக்குள் விலை 24,460ஐத் தாண்டி, 9:45க்கு உள்ளே முடிகிறது. 10:15க்கும் உள்ளேதான், விலை 24,478. இப்போது வாங்கினால் ஸ்டாப்லாஸ் கீழ் விளிம்புக்கு வெளியே, 24,440இல் இருக்க வேண்டும். இழக்கக்கூடியது 38 புள்ளி. மேல் விளிம்பு வரை 62 புள்ளி கிடைக்கலாம். நடுவில் 24,500இல் வால்யூம் குவிந்திருப்பதால் விலை அங்கே தடுமாறும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அதே 10:15க்கு விலை 24,505 என்றால்? கிடைக்கக்கூடியது 35, இழக்கக்கூடியது 65. உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அது உங்களுக்கான வணிகம் அல்ல. காத்திருந்து பெற்ற உறுதியே தூரத்தைத் தின்றுவிட்டது. தரகும் வரியும் கழித்த பிறகு 35 இன்னும் சுருங்கும். விட்டுவிடுங்கள்.

6. மதிப்பே இடம் மாறும் நாளில் விளிம்பில் எதிர்த்து நிற்காதீர்கள்.

கடந்த சில நாட்களின் வேல்யூ ஏரியாக்களை அருகருகே வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் சந்தை சமநிலையில் இருக்கிறது, ரொட்டேஷன் எதிர்பார்க்கலாம். ஒவ்வொன்றும் முந்தையதற்கு மேலே தனியாக ஏறிக்கொண்டே போனால், ஒப்புதல் விலையே உயர்கிறது என்று அர்த்தம். அங்கே VAHஇல் விற்பவர் ஓடும் ரயிலின் முன்னால் நிற்கிறார்.

நாள் நடுவிலும் இதைக் காண வழி உண்டு. விலை நேற்றைய எல்லைக்கு வெளியே போன பிறகு வால்யூம் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். வெளியே மெலிந்த வால்யூமுடன் நீட்டிவிட்டுத் திரும்பினால் அது நிராகரிப்பு. வெளியிலேயே வால்யூம் தடித்து, இன்றைய POCயும் அங்கேயே பிறந்துவிட்டால் புதிய விலை ஏற்கப்பட்டுவிட்டது. அப்போது விலை ஒருமுறை எட்டிப்பார்க்க உள்ளே வந்தாலும் நம்ப வேண்டாம்.

7. பழைய சார்ட்டில் சோதிக்கும்போது முடிந்த நாளின் கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய POCயும் விளிம்புகளும் சந்தை மூடும் வரை நகர்ந்துகொண்டே இருப்பவை. நாள் முடிந்த பிறகு பார்த்தால், காலை 10:30க்கு விலை VALஐத் தொட்டு அழகாகத் திரும்பியதுபோல் தெரியும். ஆனால் 10:30க்கு அந்தக் கோடு அங்கே இல்லை. பிறகு நடந்த வணிகம்தான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தது. இந்தக் கண்கட்டில் எத்தனையோ பேர் மயங்கியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் ஐந்து விவரம் எழுதுங்கள்: நேற்றைய மூன்று கோடுகள், இன்று திறந்த இடம், இரண்டு அரைமணி தங்கியதா, மறு விளிம்பைத் தொட்டதா, தொடும் முன் எவ்வளவு எதிர்ப்பக்கம் போனது. கடைசி விவரத்தை விடாதீர்கள். உங்கள் ஸ்டாப்லாஸ் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது ஒன்றுதான். வெவ்வேறு மாதங்கள், ஏற்றம், இறக்கம், மந்தம் எல்லாம் அந்தப் பக்கங்களில் சேர்ந்த பிறகு பணத்தைப் போடுங்கள்.