கூரையில் கனம் வேண்டாம்

ஊருக்குக் கிளம்பும்போது கனமான பெட்டிகளை வண்டியின் மேல் கேரியரில் கட்டாதீர்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். உயரமான, ஒடுங்கிய வண்டிகளுக்கு ஆபத்து அதனால்தான். அகலம் 150 செ.மீ., மைய உயரம் 65 செ.மீ., எடை 1,500 கிலோ உள்ள எஸ்யூவிக்கு அது 1.15. தாழ்வான கார்களுக்குப் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். அதே எஸ்யூவியில், தரையிலிருந்து 190 செ.மீ. உயரத்தில் 100 கிலோ ஏற்றினால் மையம் 73 செ.மீ.க்கு ஏறி, எண் 1.03 ஆகிவிடும்.

கனமானவற்றை டிக்கியின் தரையில் வையுங்கள். மேலே போர்வை, தலையணை போதும். சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள், வேகம் தணிந்தபின் மெல்ல ஏற்றுங்கள்.