வெள்ளைத் துணியில் லிப்ஸ்டிக் கறையா?

இனயம் போன்ற கடற்கரை ஊர்களில் கோயில் கல்யாணம் முடிந்ததும் கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். அப்போது வெள்ளைக் கவுனிலும் சட்டைத் தோளிலும் லிப்ஸ்டிக் ஒட்டிவிடும். உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் சாயமும் கலந்தது. வெறும் தண்ணீருக்கு அது அசையாது, தேய்த்தால் பரவத்தான் செய்யும்.

பருத்திச் சட்டை என்றால், மேலே திரண்டிருப்பதைக் கரண்டி விளிம்பால் மெல்லச் சுரண்டி எடுங்கள். கறைப்பக்கம் கீழே இருக்கும்படி பழைய வெள்ளைத் துணிமேல் விரியுங்கள். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, பின்பக்கமிருந்து ஒற்றுங்கள். சாயம் கீழ்த்துணியில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் துணியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் சாயம் திரும்ப ஏறிவிடும். பிறகு கறைமேல் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். உவர்நீரில் நுரை சரியாக வராது, நல்ல தண்ணீரே வேண்டும்.

எண்ணெய்ப் பசையுள்ள ஃபவுண்டேஷனுக்கு அந்தத் திரவம் மட்டுமே போதும். தண்ணீருக்குக் கரையாத ஐலைனருக்கு முதலில் துளி தேங்காய் எண்ணெய், பிறகு திரவம்.

ஸ்பிரிட்டை உள்தையலில் சோதித்துவிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துப் பயன்படுத்துங்கள். பட்டுத் துணியை டிரைகிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் நிரந்தரமாகிவிடும்.