குரலும் ஒப்புதலும்

விளம்பர உரை வாசிக்கும் கலைஞர், ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுத்துப்படியைக் கையில் வாங்கிப் படித்துப் பார்க்கிறார். பொய்யென்று தோன்றும் வரியை அவர் வாசிக்க மறுக்கலாம். வாசித்த பின்னரோ, அவர் குரல் அந்தச் சொற்களோடு நின்றுவிடும். குரல் நகல் அவ்வாறன்று. கலைஞரின் ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய ஒலிப்பையும் ஏற்ற இறக்கத்தையும் மூச்சு இடைவெளியையும் கணினி கற்றுக்கொள்கிறது. பின்னர் அவர் ஒருபோதும் சொல்லாத சொற்களையும் அவர் குரலிலேயே சொல்கிறது. மறுப்பதற்குரிய அந்த ஒரு கணம் இங்கே மறைந்துவிடுகிறது.

கனடாவைச் சேர்ந்த குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புப் பணிக்கென்று கூறப்பட்டதால் சீன நிறுவனம் ஒன்றிற்காகத் தம் குரலைப் பதிவுசெய்து கொடுத்தார். பின்னாளில் டிக்டாக் செயலியின் செயற்கைக் குரலாக அதுவே ஒலித்தது. பயனர்கள் தட்டச்சு செய்த இழிசொற்களும் அவர் குரலிலேயே வெளிவந்தன. 2021ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே அது சமரசத்தில் முடிந்தது. பதிவுக்கு அவர் இசைந்தது உண்மையே. இந்தப் பயன்பாட்டிற்கு அவர் இசையவில்லை.

ஆகவே, இழந்த அக்கணத்தை ஒப்பந்தம் மீட்டுத் தர வேண்டும். பட்டுச்சேலைக் கடை ஒன்று, தீபாவளிக்காக 30 நொடி வானொலி விளம்பரத்தை ஒரு கலைஞரின் குரல் நகலால் உருவாக்க விரும்புகிறது எனக் கொள்வோம். எந்தப் பொருளுக்கு, எந்த ஊடகத்தில், எத்தனை மாதங்களுக்கு என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் எழுத்துப்படியும் ஒலிபரப்புக்கு முன் கலைஞரின் பார்வைக்குச் சென்று ஒப்புதல் பெற வேண்டும். ஊதியம் ஒவ்வொரு விளம்பரத்திற்கும் தனித்தனியே கணக்கிடப்படுவது நன்று. காலம் முடிந்ததும் ஒலிப்பதிவுகளையும் நகலையும் அழித்துவிட வேண்டும். பலர் எழுதத் தவறுவது இந்தக் கடைசி விதியைத்தான்.

கேட்பவருக்கும் உண்மை தெரிய வேண்டும். தொலைக்காட்சியில் எழுத்தால் அறிவிக்கலாம். வானொலியில் சொல்லியே ஆக வேண்டும். “இது கலைஞரின் ஒப்புதலுடன் உருவாக்கப்பட்ட செயற்கைக் குரல்” என்னும் தொடரை நிதானமாகச் சொல்ல ஏறத்தாழ நான்கு நொடிகள் ஆகும். விளம்பரதாரர் அதை இறுதியில் விரைவாக ஓட்டிவிட முனைவதுண்டு. ஓடும் பேருந்தில் ஒருமுறை கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியாவிடில், அஃது அறிவிப்பு ஆகாது.

தீபாவளி முடிகிறது. அதே கடை நகைச் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறது. கணினியில் குரல் நகல் ஆயத்தமாக இருக்கிறது. புதிய வரிகளைத் தட்டச்சு செய்தால் போதும். ஆயினும், பட்டுக்குத் தந்த ஒப்புதல் பணத்திட்டத்திற்குச் செல்லாது. எழுத்துப்படி மீண்டும் கலைஞரிடம் செல்ல வேண்டும். அவர் மறுத்தால், கடைக்காரர் வேறொரு குரலைத் தேட வேண்டியதுதான்.