ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

ஆப்ஷன் வர்த்தகத்தில் நஷ்டம் வந்தால், பங்கு எதிர்த்திசையில் போனதுதான் காரணம் என்று பலரும் முடித்துக்கொள்கிறார்கள். திசை சரியாக இருந்தும் பணம் போன கதைகள் ஏராளம். அந்தப் பணம் ஆர்டர் போட்ட அந்த அரை நிமிடத்திலேயே போயிருக்கும். நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சந்தையில் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள். அதைப் பற்றி வர்த்தகர்களிடம் உலவும் சில நம்பிக்கைகளை இங்கே உரசிப் பார்க்கலாம்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு பங்கு 1,000 ரூபாயில் இருக்கிறது, லாட் 500. வர்த்தகர் ஒருவர் 1,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை வாங்கி, 1,040 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை விற்க நினைக்கிறார். புல் கால் ஸ்பிரெட் எனப்படுவது இதுதான். திரையில் 1,000 கால் ஆப்ஷனுக்கு வாங்குபவர் கேட்கும் விலை 30.00, விற்பவர் சொல்லும் விலை 32.00. 1,040 கால் ஆப்ஷனுக்கு 14.00, 15.60.

நம்பிக்கை: “திரையில் தெரியும் விலைக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் உடனே கிடைத்துவிடும்.”

உடனே கிடைக்கும் என்பது பெரும்பாலும் சரி. திரையில் தெரியும் விலைக்குக் கிடைக்கும் என்பது சரியல்ல. பெரிய எழுத்தில் தெரிவது எல்டிபி, அதாவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. ஆள் நடமாட்டம் இல்லாத ஸ்ட்ரைக்கில் அந்த வியாபாரம் நாற்பது நிமிடம் முன்பு நடந்ததாகக்கூட இருக்கும். மார்க்கெட் ஆர்டருக்கு எல்டிபி பற்றிக் கவலையில்லை. எதிரே நிற்கும் விலையை எடுக்கும். அது தீர்ந்தால் அடுத்ததை எடுக்கும். 32.00 ரூபாய்க்கு ஒரு லாட் மட்டும் இருந்து, அடுத்த லாட் 34.50 என்றால், இரண்டு லாட் கேட்டவருக்குச் சராசரி 33.25.

இதன் உச்சகட்டக் காட்சியை 2012 அக்டோபர் 5 அன்று தேசியப் பங்குச் சந்தையே பார்த்தது. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாகப் போன 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பங்குகளைக் கிடைத்த விலைக்கெல்லாம் விற்றுத் தள்ளின. நிஃப்டி கண்மூடித் திறப்பதற்குள் சுமார் 900 புள்ளிகள் சரிந்தது. வர்த்தகம் கால் மணி நேரம் நின்றது. விற்கப்பட்ட பங்குகளின் நிறுவனங்களைப் பற்றி அன்று கெட்ட செய்தி எதுவும் இல்லை. வரிசையில் நின்ற விலைகள் தீர்ந்துபோயின, அவ்வளவுதான்.

நம்முடைய வர்த்தகர் இரண்டு பக்கமும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் 32.00 கொடுத்து 14.00 வாங்குவார். நிகரச் செலவு 18.00. இரண்டுக்கும் நடு விலையில் முடிந்திருந்தால் 31.00 கழித்தல் 14.80, அதாவது 16.20. வித்தியாசம் 1.80, ஒரு லாட்டுக்கு 900 ரூபாய். வெளியே வரும்போதும் இதே போல வந்தால் இன்னொரு 900. மொத்தம் போட்ட முதலே 9,000 ரூபாய் என்னும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடுகிறது. தரகுக் கட்டணம் 20 ரூபாயா 15 ரூபாயா என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த 1,800 ரூபாயைக் கவனிப்பதே இல்லை.

நம்பிக்கை: “நடு விலைதான் நியாய விலை. அங்கே லிமிட் ஆர்டர் போட்டுவிட்டால் கவலையில்லை.”

நடு விலை என்பது இரண்டு எண்களின் சராசரி, அதற்கு மேல் எதுவும் இல்லை. இடைவெளி குறுகியிருக்கும் இடத்தில் அது நல்ல வழிகாட்டி. ஒரு பக்கம் 0.50, மறுபக்கம் 9.00 என்று நிற்கும் ஸ்ட்ரைக்கில் நடு விலை 4.75 என்பது வெறும் கூட்டல் கணக்கு. அப்போது பக்கத்து ஸ்ட்ரைக்குகளைப் பார்ப்பது நல்லது. கால் ஆப்ஷனில் ஸ்ட்ரைக் ஏற ஏற விலை ஒழுங்காக இறங்கவேண்டும். 1,020 ஸ்ட்ரைக் 22 ரூபாயிலும் 1,060 ஸ்ட்ரைக் 10 ரூபாயிலும் நின்றால், இடையில் உள்ள 1,040-இன் விலை அவற்றின் சராசரியான 16-ஐத் தாண்டக்கூடாது. நடு விலை அதை மீறினால் எண்ணில் கோளாறு இருக்கிறது என்று அறியலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம்மவர் 1,000 கால் ஆப்ஷனுக்கு 31.00 என்று லிமிட் போடுகிறார். அந்த நொடியே வாங்கும் வரிசையின் முதல் விலை அவருடையதாகிவிடுகிறது. திரையில் இப்போது 31.00, 32.00, நடு விலை 31.50. “அடடா, விலை ஏறுகிறதே” என்று அவர் 31.50-க்கு மாற்றுகிறார். நடு விலை 31.75 ஆகிறது. சந்தை அசையவே இல்லை. மனிதர் தன் நிழலைத் துரத்திக்கொண்டிருக்கிறார். ஆர்டர் போடும் முன்பே இருந்த நடு விலையைக் காகிதத்தில் குறித்துவைப்பதுதான் இதற்கு மருந்து.

அனுபவசாலிகள் நடுவில் ஆரம்பித்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பைசாவாக நகர்வார்கள். இதற்கு மேல் போகமாட்டேன் என்ற எல்லையை முன்பே தீர்மானித்திருப்பார்கள். அந்த எல்லையை ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனித்தனியாக வைக்காமல், ஸ்பிரெட்டின் நிகர விலைக்கு வைப்பது முக்கியம். நம் கணக்கில் அதை 17.20 என்று கொள்ளலாம்.

லிமிட் ஆர்டருக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பங்கு ஏறினால் 31.00-க்கு யாரும் விற்க வரமாட்டார்கள். ஆர்டர் அப்படியே தொங்கும். பங்கு இறங்கும்போதுதான் யாரோ வந்து நம் தலையில் கட்டுவார்கள். ஆக, காத்திருக்கும் லிமிட் ஆர்டர் நிறைவேறும் தருணம் பெரும்பாலும் சந்தை நமக்கு எதிராக நகரும் தருணம். அடுத்த நம்பிக்கை உடைவது இங்கேதான்.

நம்பிக்கை: “ஒன்றை வாங்கிவிட்டு, மற்றதை நல்ல விலை வரும்போது விற்றால் ஸ்பிரெட் மலிவாகக் கிடைக்கும்.”

ஸ்பிரெட்டின் ஒவ்வொரு பகுதியையும் சந்தையில் ‘லெக்’ என்கிறார்கள். தமிழில் ‘கால்’ என்று சொன்னால் கால் ஆப்ஷனோடு குழம்பும் என்பதால் லெக் என்றே இருக்கட்டும். ஒவ்வொரு லெக்காகப் போடுவது ‘லெக்கிங் இன்’.

நம்மவர் 31.10-க்கு 1,000 கால் ஆப்ஷனை வாங்கிவிட்டார். 1,040-ஐ 14.90-க்கு விற்க லிமிட் போட்டுக் காத்திருக்கிறார். பங்கு ஐந்து ரூபாய் இறங்குகிறது. 1,040 ஆப்ஷனின் டெல்டா 0.32 என்று வைத்தால், அதன் விலைகள் 1.60 இறங்கி 12.40, 14.00 என்று நிற்கும். பதறிப்போய் 12.40-க்கு விற்றால் நிகரச் செலவு 18.70. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தால் ஆகியிருக்கும் 18.00-ஐவிட இது மோசம்.

பங்கு ஐந்து ரூபாய் ஏறியிருந்தால்? 1,040 ஆப்ஷன் 15.60, 17.20 என்று நின்றிருக்கும். 16.20-க்கு விற்றால் நிகரச் செலவு 14.90. இந்த ஒரு நாளை வைத்துத்தான் “லெக் லெக்காகப் போடு, லாபம்” என்று வர்த்தகர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது சாமர்த்தியமாக ஆர்டர் போட்டதற்குக் கிடைத்த பரிசு இல்லை. 1,000 கால் ஆப்ஷனின் டெல்டா 0.52 என்றால், அது மட்டும் கையில் இருக்கும்போது 500 கொண்ட ஒரு லாட்டுக்கு 260 பங்கு வைத்திருப்பதற்குச் சமம். ஸ்பிரெட் முழுமையானால் டெல்டா 0.20, 100 பங்குக்குச் சமம். காத்திருந்த நேரம் முழுவதும் அவர் நினைத்ததைவிட இரண்டரை மடங்கு பெரிய பந்தயத்தில் இருந்தார். அந்த லாபம் பந்தயத்தின் லாபம்.

அதுவும் சமமான பந்தயம் இல்லை. வாங்கும் லிமிட் ஆர்டர் பங்கு இறங்கும்போதுதான் அதிகம் நிறைவேறும் என்று பார்த்தோம். அதே சமயம் விற்கவேண்டிய லெக்கின் விலையும் இறங்கிக்கொண்டிருக்கும். காத்திருப்பவர் மோசமான பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே கூடுதல்.

நம்பிக்கை: “பாஸ்கெட் ஆர்டர் போட்டால் எல்லா லெக்கும் ஒன்றாக நடக்கும்.”

இந்த நான்கில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். அமெரிக்காவில் ஸ்பிரெட்டுக்கென்றே பல-லெக் ஆர்டர் உண்டு. சிக்காகோவின் சீபோ போன்ற சந்தைகளில் இதற்குத் தனி ஆர்டர் புத்தகமே இருக்கிறது. “நிகர விலை இவ்வளவு” என்று ஒரே எண்ணைக் கொடுத்தால், அந்த விலையில் இரண்டு லெக்கும் சேர்ந்து நடக்கும். இல்லையேல் எதுவும் நடக்காது. ஒரு லெக் மட்டும் கையில் தங்காது.

தேசியப் பங்குச் சந்தையிலும் இரண்டு, மூன்று லெக்குகளைச் சேர்த்துப் போடும் ஆர்டர் வகை உண்டு. ஆனால் அது போட்ட நொடியில் நடக்கவேண்டும், நடக்காத பகுதி ரத்தாகிவிடும். நடு விலையில் நிறுத்திக் காத்திருக்க முடியாது. சாதாரண வர்த்தகரின் கைப்பேசிச் செயலியில் ‘பாஸ்கெட்’ என்று இருப்பது பொதுவாக அதுவும் இல்லை. ஒரே பொத்தானில் பல தனி ஆர்டர்களை அடுத்தடுத்து அனுப்பும் வசதி அது. ஒவ்வொரு லெக்குக்கும் தனி ஆர்டர் எண் வந்திருப்பதை ஆர்டர் புத்தகத்தில் பார்க்கலாம். ஒன்று நடந்து மற்றொன்று தொங்கினால் செயலி முதலாவதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. சுருக்கமாகச் சொன்னால், பாஸ்கெட் என்பது வேகமான லெக்கிங் இன்.

அப்படியானால் இங்கே எப்படிப் போடுவது? இடைவெளி பெரிதாக இருக்கும் லெக்கை முதலில் நடு விலையிலிருந்து நகர்த்தி முடிப்பது, அது நடந்ததும் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள லெக்கை எதிரே நிற்கும் விலைக்கே லிமிட் போட்டு உடனே முடிப்பது என்பது வர்த்தகர்களின் பழைய வழக்கம். நம் ஊரில் மார்ஜின் இதற்குக் குறுக்கே வரும். விற்கும் லெக்கை முதலில் போட்டால், பாதுகாப்பு இல்லாத விற்பனையாகக் கருதி ஒரு லட்சம் ரூபாய் அளவில் மார்ஜின் கேட்பார்கள். வாங்கும் லெக் கையில் இருந்தால் தேவை வெகுவாகக் குறையும். அதனால் பெரும்பாலோர் வாங்கித்தான் ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது. அந்த நிலையில் கைகொடுப்பது முன்பு குறித்த 17.20. முதல் லெக் 31.20-க்குக் கிடைத்தால் அடுத்தது 14.00-க்குக் குறையக்கூடாது; அந்த 14.00-க்கு எதிரே வாங்குபவர் நிற்கும்போதே விற்றுவிடவேண்டும், இன்னும் அறுபது பைசா வருமா என்று காத்திருக்கக்கூடாது. விற்கும் ஸ்ட்ரைக்கில் இடைவெளி மிகப் பெரிது என்றால், ஆட்கள் அதிகம் புழங்கும் வேறு ஸ்ட்ரைக்குக்கு மாறுவது மேல்.

வெளியே வரும்போது வரிசை தலைகீழ்: விற்ற லெக்கை முதலில் வாங்கி முடித்துவிட்டு, வாங்கியதைப் பிறகு விற்கவேண்டும். பங்கு ஆப்ஷன்களில் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது ஆபத்து. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்குகளாகவே தீர்க்கப்படுகின்றன. லாபத்தில் முடியும் ஒரு லெக் மட்டும் தங்கிப்போனால், 9,000 ரூபாய் போட்டவர் 500 பங்குகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கட்டவேண்டும், அல்லது அந்தப் பங்குகளைக் கொடுக்கவேண்டும்.