மூணு கொட்டேஷன், ஒரு மார்க் ஷீட்: விலையை மார்க்காக மாற்றும் இடத்தில் கவனம் வை

கண்ணு, பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்க உட்கார்ந்திருக்கிறாய். புது லைனுக்குப் பத்து ஓவர்லாக் மெஷின் வேண்டும், மேஜையில் மூன்று கொட்டேஷன் இருக்கிறது. விலை, தரம், டெலிவரி, சர்வீஸ் நாலுக்கும் வெயிட்டேஜ் கொடுத்து மார்க் போட்டுக் கொண்டு வா என்று ஓனர் சொல்லியிருக்கிறார். பெருக்கிக் கூட்டுவதெல்லாம் எக்செல் பார்த்துக்கொள்ளும். ரூபாயை எப்படி மார்க்காக மாற்றுகிறாய் என்பதில்தான் யாருக்கு ஆர்டர் போகும் என்பது தீர்மானமாகிறது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இன்றைக்கு அதைத்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு.

விலைக் கவரைப் பிரிக்கும் முன்பே வெயிட்டேஜை எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்கிவிடு. நம் உதாரணத்துக்கு விலைக்கு 40, தரத்துக்கு 30, சர்வீஸுக்கு 20, டெலிவரிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பார்த்த பிறகு வெயிட்டேஜ் போட்டால், மனசுக்குப் பிடித்த சப்ளையர் பக்கமே கை போகும். யார் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் இது நடக்கும்.

மார்க்கில் சேர்க்கக் கூடாததையும் அப்போதே பிரித்துவிடு. லைன் 30 நாளில் ஓட வேண்டும் என்றால், 45 நாளில் தருகிறேன் என்பவருக்கு டெலிவரியில் 2 மார்க் போட்டு உள்ளே வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அவரை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கூட்டல் முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது, ஒரு பக்கத்துப் பள்ளத்தை இன்னொரு பக்கத்து மேடு நிரப்பிவிடும். நிரம்பவே கூடாத பள்ளங்களுக்குக் குறைந்தபட்ச வரம்பு வை.

பிறகு மூன்று கொட்டேஷனையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டு வா. ஒருவர் மெஷின் ஹெட்டுக்கு மட்டும் விலை போட்டிருப்பார், இன்னொருவர் டேபிள், ஸ்டாண்டோடு முழு செட்டுக்குப் போட்டிருப்பார். வண்டி வாடகை, இறக்குகூலி, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து நம் ஷெட்டில் மெஷின் ஓடும் நிலைக்கு என்ன செலவு என்று எழுது. உங்கள் கம்பெனி ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் எடுக்கிறது என்றால் வரியைத் தள்ளிப் பார்க்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கிரெடிட் கிடையாது, வரியும் செலவுதான், சேர்த்தே போடு.

இனி மார்க். 10-க்கு எத்தனை என்று கேட்டால் ஒருவர் நல்ல சப்ளையருக்கு 9 போடுவார், கை இறுக்கமானவர் 6-க்கு மேல் தரமாட்டார். அதனால் எந்த மார்க்குக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே எழுதி வை. சர்வீஸுக்கு இப்படி எழுதலாம்: மெக்கானிக் அன்றைக்கே வருவார், லூப்பரும் கத்தியும் திருப்பூர் கடையிலேயே ஸ்டாக் இருக்கிறது என்றால் 9. மறுநாள் வருவார், ஸ்பேர் இரண்டு நாளில் கிடைக்கும் என்றால் 7. போனில் மட்டும் சொல்லித் தருவார், ஸ்பேர் வெளியூரிலிருந்து கூரியரில் வர வேண்டும் என்றால் 3. தரத்துக்கு நோட்டீஸில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மார்க் போடாதே. உங்கள் துணியையே கொடுத்து, லைக்ரா கலந்த துணியும் வெள்ளைத் துணியும் கட்டாயம் சேர்த்து, ஒரு நாள் டெமோ ஓட்டச் சொல். தையல் விட்டுப் போகிறதா, வெள்ளையில் எண்ணெய்க் கறை விழுகிறதா என்று பீஸ் பீஸாக எண்ணு. இந்த மார்க்கை லைன் சூப்பர்வைசரும் உங்கள் மெக்கானிக்கும் தனித்தனியாக, விலை தெரியாமல் போடட்டும். வாரண்டியைத் தரத்திலோ சர்வீஸிலோ ஒரே இடத்தில் மட்டும் கணக்கில் எடு. இரண்டு இடத்திலும் வந்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மார்க் போய்விடும்.

இப்போது உதாரணம். விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை. மூன்று சப்ளையருக்கும் அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

| | ஒரு செட் விலை | தரம் | டெலிவரி | சர்வீஸ் |
|---|---|---|---|---|
| அ | ₹32,000 | 5 | 9 | 3 |
| ஆ | ₹36,000 | 8 | 6 | 9 |
| இ | ₹40,000 | 8 | 9 | 7 |

விலைக்கு மார்க் போட இரண்டு வழி புழக்கத்தில் இருக்கிறது. முதல் வழியில், இருப்பதிலேயே குறைந்த விலையை ஒவ்வொருவர் விலையாலும் வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். அ-வுக்கு 10, ஆ-வுக்கு 8.9, இ-க்கு 8. இரண்டாவது வழியில் குறைந்த விலைக்கு 10, அதிக விலைக்கு 0, நடுவில் இருப்பவருக்கு அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறாரோ அதற்கேற்ற மார்க். அப்போது அ-வுக்கு 10, ஆ-வுக்கு 5, இ-க்கு 0.

கூட்டிப் பார். முதல் வழியில் அ 70, ஆ 83.6, இ 79. ஆ ஜெயிக்கிறார். இரண்டாவது வழியில் அ 70, ஆ 68, இ 47. இப்போது அ ஜெயிக்கிறார். கொட்டேஷன் மாறவில்லை, வெயிட்டேஜ் மாறவில்லை, சூப்பர்வைசர் போட்ட மார்க்கும் மாறவில்லை. வகுத்தல் முறை மட்டும் மாறி, லூப்பர் உடைந்தால் கூரியருக்குக் காத்திருக்க வைக்கும் மெஷின் வாசலுக்கு வந்துவிட்டது.

காரணத்தைப் பார்ப்போம். முதல் வழியில் விலை மார்க் 8-க்கும் 10-க்கும் நடுவிலேயே அடங்கிவிடுகிறது. விலைக்கு 40 ஒதுக்கியிருந்தாலும் உண்மையில் அவர்களைப் பிரிப்பது வெறும் 8 புள்ளிதான். சர்வீஸ் மார்க் 3-லிருந்து 9 வரை விரிந்திருப்பதால், 20 வெயிட்டேஜிலேயே 12 புள்ளி வித்தியாசம் உண்டாகிறது. இரண்டாவது வழியில், விலை வித்தியாசம் எட்டாயிரமாக இருந்தாலும் எட்டு ரூபாயாக இருந்தாலும், முழு 40 புள்ளியையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஷீட்டின் தலையில் எழுதிய வெயிட்டேஜ் பாதிக் கதைதான். அந்தப் பத்தியில் மார்க் எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்பது மீதிக் கதை.

இரண்டாவது வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு மெஷின் ₹60,000 என்று நாலாவதாக ஒரு கொட்டேஷன் வருகிறது என்று வை. அதை யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் அதிக விலை 60,000 ஆனதும் ஆ-வின் விலை மார்க் 5-லிருந்து 8.6-க்கு ஏறி, அவர் மொத்தம் 82-ஐத் தாண்டிவிடும். அ 70-லேயே நிற்பார். வாங்கவே போகாத ஒரு கொட்டேஷன் ஜெயிப்பவரை மாற்றிவிட்டது. ஒப்புக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி வைக்கும் பழக்கம் இருக்கிற இடங்களில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசித்துப் பார்.

அதனால் என் ஓட்டு முதல் வழிக்கு. தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போடும் அரசு கன்சல்டன்சி டெண்டர்களிலும் குறைந்த விலைக்கு 100, மற்றவர்களுக்கு இதே வகுத்தலில் குறைவு என்பதுதான் வழக்கம். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை: தகுதியே இல்லாத ஒருவர் அடிமாட்டு விலை சொன்னால் எல்லோருடைய மார்க்கும் அதை வைத்துத்தான் கணக்காகும். வரம்பில் தேறாதவர்களை வெளியே அனுப்பிய பிறகே குறைந்த விலையைத் தேடு.

எக்செலில் B பத்தியில் விலை, C-யில் விலை மார்க், D, E, F-ல் தரம், டெலிவரி, சர்வீஸ் என்று வை. இரண்டாவது வரிசையில் C முதல் F வரை வெயிட்டேஜ் 40, 30, 10, 20. மூன்றாவது வரிசையிலிருந்து சப்ளையர்கள். C3-ல் முதல் சூத்திரம், G3-ல் இரண்டாவது, பிறகு கீழே இழுத்துவிடு.

```
=MIN($B$3:$B$5)/B3*10
=SUMPRODUCT($C$2:$F$2,C3:F3)/10
```

கணக்கு முடிந்ததும் வெயிட்டேஜ் சரியா என்று ரூபாயில் உரசிப் பார். அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் ₹4,000 வித்தியாசம், அதற்கு 4.4 புள்ளி. ஆக ஒரு புள்ளி சுமார் ஆயிரம் ரூபாய். சர்வீஸில் ஒரு மார்க் ஏறினால் 2 புள்ளி, அதாவது மெஷினுக்கு ₹2,000, பத்து மெஷினுக்கு ₹20,000. ஓனரிடம் நேராகவே கேள்: "சர்வீஸ் ஒரு படி நல்லா இருக்க மொத்தத்துல இருபதாயிரம் கூடக் கொடுப்பீங்களாண்ணா?" கொடுப்பேன் என்றால் வெயிட்டேஜ் சரி. என்னம்மா இவ்வளவா என்று அவர் முகம் மாறினால் 20 என்பது அதிகம். "சர்வீஸ் முக்கியம்" என்று பொதுவாகச் சொல்லும்போது தெரியாதது, ரூபாயில் கேட்கும்போது தெரிந்துவிடும். இந்தக் கேள்வியை யார் முன்னால் இருக்கிறார் என்று காட்டாமல் கேள். அப்போதும் வெயிட்டேஜை மாற்ற நேர்ந்தால் பழைய ஷீட்டையும் காரணத்தையும் ஃபைலில் வை.

அடுத்து, முடிவு எவ்வளவு உறுதி என்று பார். விலை வெயிட்டேஜை 50 ஆக்கி, தரத்தை 25, சர்வீஸை 15 ஆக்கினாலும் ஆ 83.9, இ 79.5, அ 76. ஆ-தான் முன்னால். விலையை 60 ஆக்கி, மற்றதை 20, 10, 10 என்று குறைத்தாலும் ஆ 84.3, அ 82. ஆகவே அ-வைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் 4.6 புள்ளிதான். தரத்தில் ஒரு மார்க்குக்கு 3 புள்ளி. டெமோவில் ஆ-வுக்கு ஒரு மார்க் கூடவும் இ-க்கு ஒரு மார்க் குறைவாகவும் விழுந்திருந்தால், சரியான கணக்கு ஆ 80.6, இ 82 என்று புரண்டிருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் தசமப் புள்ளியை வைத்து முடிவு சொல்லாதே. அந்த இருவரின் மெஷினையும் இன்னொரு நாள், வேறு டெய்லர் கையில், அதே துணியில் ஓட்டிப் பார். அந்த மாடலை வாங்கி வருஷக்கணக்காக ஓட்டும் கம்பெனியில் போய்க் கேள்.

இந்த ஷீட் விலை பேசவும் உதவும். இ-யின் மற்ற மூன்று மார்க்கும் சேர்ந்து 47. ஆ-வின் 83.6-ஐத் தொட அவருக்கு விலையில் 36.6 வேண்டும். 40-ஐயும் 32,000-ஐயும் பெருக்கி 36.6-ஆல் வகுத்தால் சுமார் ₹35,000 வரும். அவர் நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கினால்தான் போட்டியில் இருக்கிறார், முப்பத்தெட்டுக்கு வருவதற்காக நீ இரண்டு நாள் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஆ-வின் விலையை மட்டும் அவரிடம் சொல்லாதே.

ஆர்டர் அடிக்கும்போது, எந்த வாக்குறுதிக்காக மார்க் போட்டாயோ அதை வரிக்கு வரி பர்ச்சேஸ் ஆர்டரில் எழுது. அன்றைக்கே மெக்கானிக் என்றதற்குத்தான் ஆ-வுக்கு 9. "புகார் சொன்ன அன்றே மெக்கானிக் வர வேண்டும், லூப்பரும் கத்தியும் உள்ளூர் ஸ்டாக்கில் இருக்க வேண்டும், தவறினால் பிடித்தம்" என்று இருக்கட்டும். அதில் கையெழுத்துப் போட அவர் தயங்கினால் சர்வீஸ் மார்க்கை 7 ஆக்கிக் கூட்டு. ஆ 79.6, இ 79 என்று வரும். அப்போது இ-யைத் திரும்பக் கூப்பிட்டுப் பேச வேண்டியதுதான்.